வாடகை ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்னாடி ஒரு பக்கத் தாள்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை நீக்கி, கணக்கு வரும் இடங்களை வாசிக்க வசதியாக ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எடுத்துக்கிட்ட விஷயம் வாடகை ஒப்பந்தம். கங்கைகொண்டான் சிப்காட்லயும் எல்காட் பூங்காவுலயும் வேலை கிடைச்சு வெளியூர்ல இருந்து வர்றவங்க நிறைய பேர். அவங்கள்ல பாதிப் பேர் தாழையூத்து, தச்சநல்லூர், ஜங்ஷன் பக்கம்தான் வீடு பார்க்கிறாங்க. வீடு பிடிச்சதும் அட்வான்ஸ் பேசி முடிப்பாங்க. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்டாம்ப் பேப்பர்ல டைப் அடிச்ச மூணு பக்கத்தை நீட்டுவார். "வழக்கமா போடுறதுதான் தம்பி, கையெழுத்துப் போடுங்க" என்பார். நாமளும் பேரும் தொகையும் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டுப் போட்டுருவோம்.

இதுல கவனிக்க வேண்டியது, நீட்டுற அண்ணாச்சியும் அதை முழுசா படிச்சிருக்க மாட்டார். தாலுகா ஆபீஸ் பக்கத்துல டைப் அடிக்கிறவர்கிட்ட பேரு, தொகை, தேதி மூணையும் சொல்லிட்டு வந்திருப்பார். மத்ததெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்ல பல வருஷமா கிடக்கிற பழைய ஃபைல். ஆக, ரெண்டு பேரும் படிக்காத ஒரு பத்திரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறோம்.

அதனால இன்னிக்குச் சொல்லப் போறது ஒரே ஒரு வேலை. பத்திரத்துல இருக்கிற ஒவ்வொரு ஷரத்தையும் சாதாரணத் தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதிப் பார்க்கிறது. சட்டம் படிக்காதவங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு மட்டும் இதைச் சொல்லல. இது ஒரு சோதனை. சாதாரண வார்த்தையில எழுத முடியாத ஷரத்து பெரும்பாலும் முடிவு பண்ணாம விட்ட ஷரத்தாத்தான் இருக்கும். பின்னாடி சண்டை வர்றதும் சரியா அந்த இடத்துலதான்.

பத்திரத் தமிழ்

முதல்ல மொழிச் சிக்கல். நம்ம ஊர் ஒப்பந்தங்கள்ல வர்ற ஒரு மாதிரி வாக்கியம் இது. நிஜப் பத்திரம் எதுல இருந்தும் எடுக்கல, அதே நடையில நானே எழுதினது:

"மேற்படி அட்வான்ஸ் தொகையை 2வது பார்ட்டியார் வீட்டைக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்கும் காலத்தில், வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, சேதாரம் இவை ஏதுமிருப்பின் கழித்துக்கொண்டு, மீதத் தொகையை 1வது பார்ட்டியார் வட்டியின்றித் திருப்பித் தர வேண்டியது."

1வது பார்ட்டி வீட்டுக்காரர். 2வது பார்ட்டி குடியிருக்க வர்றவர். சுவாதீனம்னா வீடு உங்க கையில இருக்கிறது. அதை ஒப்படைக்கிறதுன்னா பொருளையெல்லாம் எடுத்துட்டு, பூட்டிச் சாவியைக் கொடுக்கிறது. வெறுமனே ஆள் கிளம்பிட்டா போதாது. சேதாரம்னா உடைஞ்சது, கெட்டது. அகராதி வேலை இதோட முடிஞ்சது.

வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சதால ஷரத்து புரிஞ்சிருச்சான்னா, இல்ல. ஒவ்வொரு ஷரத்துக்கும் அஞ்சு கேள்வி கேட்கணும். யார் செய்யணும்? என்ன செய்யணும்? எந்தத் தேதிக்குள்ள? எவ்வளவு? செய்யலைன்னா என்ன ஆகும்? புரோகிராம் எழுதுறவங்களுக்கு இது பழக்கமான கேள்விகள்தான். மதிப்பு கொடுக்காத ஒரு மாறி எங்கேயாவது இருந்தா, அது ஒரு நாள் தப்பான இடத்துல வெடிக்கும்.

மேல உள்ள அட்வான்ஸ் ஷரத்துல போட்டுப் பாருங்க. யார், வீட்டுக்காரர். என்ன, மீதியைத் திருப்பித் தரணும். எப்போ? "ஒப்படைக்கும் காலத்தில்". சாவி கொடுக்கிற அன்னிக்கா, அந்த வாரத்துலயா, அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகா? பதில் இல்ல. எவ்வளவு? சேதாரத்தைக் கழிச்சு. அதை யார் மதிப்புப் போடுறது? அதுக்கும் பதில் இல்ல. செய்யலைன்னா என்ன ஆகும்? அதுக்கும் பதில் இல்ல. அஞ்சுல மூணு கேள்வி காலியா இருக்கு. அந்த வாக்கியத்தை நூறு தடவை படிச்சாலும் இது கண்ணுல படாது, ஏன்னா வாக்கியம் கம்பீரமா முடிஞ்சுருது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

தச்சநல்லூர்ல ஒரு வீடுன்னு வெச்சுக்குவோம். வாடகை 8,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய். ஒப்பந்தம் 11 மாசம், 2024 செப்டம்பர் 1 முதல் 2025 ஜூலை 31 வரை. அதுல இன்னும் ரெண்டு ஷரத்து இருக்கு. ஒண்ணு, "காலி செய்வதற்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியது". இன்னொண்ணு, "வீட்டைத் தற்போதுள்ள நிலையிலேயே ஒப்படைக்க வேண்டியது".

குடியிருக்கிற தம்பிக்கு வேற ஊர்ல வேலை கிடைக்குது. ஏப்ரல் 10ஆம் தேதி வீட்டுக்காரர்கிட்ட சொல்றான். மே 31ஆம் தேதி காலி பண்றான். கரண்ட் பில் பாக்கி 1,200 ரூபாய். மே மாசம் வரைக்கும் வாடகை கட்டியாச்சு.

இப்போ தம்பி போடுற கணக்கு. ஏப்ரல் 10ல இருந்து ரெண்டு மாசம்னா ஜூன் 10. நான் மே 31லயே போறேன், அதனால பத்து நாள் வாடகை தரணும். 8,500ஐ 30ஆல வகுத்துப் பத்தால பெருக்கினா 2,833. வீட்டுல எதுவும் உடையல. 50,000ல 2,833ம் கரண்ட் 1,200ம் போக எனக்கு வர வேண்டியது 45,967.

அண்ணாச்சி போடுற கணக்கு வேற. வாடகை மாசக் கணக்கு, நாள் கணக்கு இல்ல. ஏப்ரல் நடுவுல சொன்னா அது மே, ஜூன் ரெண்டு முழு மாசம். அதனால ஜூன் வாடகை 8,500 கழிக்கணும். நீ வரும்போது வீடு புதுசா பெயிண்ட் அடிச்சு இருந்துச்சு, "தற்போதுள்ள நிலை"ன்னா அதுதான், அதனால பெயிண்டுக்கு ஒரு மாச வாடகை இன்னொரு 8,500. கரண்ட் 1,200. 50,000ல இதெல்லாம் போக 31,800.

வித்தியாசம் 14,167 ரூபாய். ரெண்டு பேர்ல யாரும் பொய் சொல்லல, யாரும் யாரையும் ஏமாத்தவும் நினைக்கல. "இரண்டு மாதம்"ங்கிற வார்த்தையையும் "தற்போதுள்ள நிலை"ங்கிற வார்த்தையையும் ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். முன்னறிவிப்பு வார்த்தை 5,667 ரூபாய்க்கு ஆச்சு, பெயிண்ட் 8,500க்கு ஆச்சு. 2024 ஆகஸ்ட்லயே ரெண்டு பேரும் உட்கார்ந்து சாதாரணத் தமிழ்ல எழுதியிருந்தா, ரெண்டு வரியில முடிஞ்சிருக்கும். அப்போ யாருக்கும் கோபம் இல்ல, யார் கையிலயும் அடுத்தவர் பணம் இல்ல. எந்தப் பக்கம் முடிவு பண்ணினாலும் ரெண்டு பேருக்கும் சம்மதமா இருந்திருக்கும்.

சட்டம் எங்கே நிக்குது

"பத்திரத்துல இல்லாததைச் சட்டம் சொல்லாதா"ன்னு கேட்பீங்க. சொல்லும், ஆனா முழுசா இல்ல. தமிழ்நாட்டுல இப்போ இருக்கிறது வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. அதுக்கு முன்னாடி 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்துச்சு. பழைய சட்டத்துல நியாய வாடகை என்னன்னு அரசு பார்த்துச்சு. புதுச் சட்டம் ஒப்பந்தத்தை நடுவுல வெச்சிருக்கு. வாடகை எவ்வளவுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி எழுதினதுதான். அதனாலதான் எழுதுற வார்த்தைக்கு முன்னைவிட இப்போ பாரம் அதிகம்.

அட்வான்ஸ் விஷயத்துல இந்தச் சட்டம் ரெண்டு சொல்லுது. ஒண்ணு, மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா தவிரன்னு ஒரு வால் இருக்கு. நம்ம உதாரணத்துல மூணு மாசம்னா 25,500. பத்திரத்துல 50,000ன்னு போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டு, பிறகு மூணு மாசம்தானேன்னு வாதாடுறது கஷ்டம். ரெண்டாவது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள பாக்கியைக் கழிச்சுத் திருப்பித் தரணும். "ஒப்படைக்கும் காலத்தில்"ங்கிற மங்கலான வார்த்தைக்கு இது ஒரு எல்லை போடுது. நம்ம தாளுல இதையே எடுத்து எழுதிக்கலாம்: சாவி கொடுத்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள.

பெயிண்ட் விஷயத்துக்கும் பதில் இருக்கு. இந்தச் சட்டத்தோட இரண்டாம் அட்டவணை ரிப்பேர் வேலைகளை ரெண்டாப் பிரிக்குது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், குழாய் லைன் மாத்துறது, வயரிங், கட்டட அமைப்பு சம்பந்தப்பட்ட வேலை இதெல்லாம் வீட்டுக்காரர். டேப், வாஷர் மாத்துறது, சாக்கடை அடைப்பு எடுக்கிறது, சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருக்கிறவர். ஆனா இங்கயும் எழுத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா அதுதான். சாதாரணமா புழங்கினதால வர்ற தேய்மானத்துக்குக் குடியிருக்கிறவர் பொறுப்பு இல்லைங்கிறது 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்துல இருந்தே இருக்கிற கருத்து. "தற்போதுள்ள நிலையிலேயே"ன்னு டைப் அடிக்கும்போது இந்தத் தேய்மானம் காணாமப் போயிருது. தாளுல அதைத் திரும்பக் கொண்டு வரணும்.

முன்னறிவிப்புக்கு மட்டும் பத்திரத்துல எழுதினதுதான். ஆனா "இரண்டு மாதம்"னா எந்த நாள்ல இருந்து எண்ணணும்ங்கிறதை நீங்கதான் எழுதணும்.

11 மாசம்னா என்ன?

எல்லாப் பத்திரத்துலயும் 11 மாசம் இருக்கு, ஏன்னு கேட்டா "அதான் வழக்கம்" என்பாங்க. காரணம் 1908ஆம் வருஷத்து பதிவுச் சட்டம். ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்துல கட்டாயம் பதியணும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11. அது சரி. ஆனா இதை வெச்சு "11 மாசம்னா எங்கயும் பதிய வேண்டாம்"னு சொல்றது பாதி உண்மை. 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சு ஒரு பதிவு எண் வாங்கணும். அது சார்பதிவாளர் பதிவு இல்ல, தனி. அதுக்கான அரசுத் தளம் tenancy.tn.gov.in. இந்த வரியையும் தாளுல சேர்த்துடுங்க: யார் பதியுறது, செலவு யாருது.

11 மாசத்துல இன்னொரு ஓட்டை இருக்கு. பக்கத்துலயே "வருடத்திற்கு 5 சதவீதம் வாடகை உயர்வு"ன்னு இருக்கும். ஒப்பந்தம் 11 மாசம், உயர்வு வருஷத்துக்கு. அப்போ 8,500ங்கிறது 8,925 ஆகுறது ஆகஸ்ட்லயா செப்டம்பர்லயா? ஒரு மாசத்துக்கு 425 ரூபாய்தான். ஆனா புது வீட்டுல முதல் மனஸ்தாபம் இப்படித்தான் ஆரம்பிக்கும். தேதியைப் போட்டுட்டா முடிஞ்சுது.

தாளை எப்படி எழுதுறது

வழி எளிது. பத்திரத்தோட நகலை வாங்கிக்கோங்க. வீட்டுக்காரர் தனியா, நீங்க தனியா, ஒவ்வொரு ஷரத்துக்கும் ஒரு வரி எழுதுங்க. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிங்க. சேர்ந்து உட்கார்ந்து எழுதினா, முதல்ல பேசினவர் சொன்னதுக்கு இன்னொருத்தர் தலையாட்டிருவார், அதனாலதான் தனித்தனியா. அண்ணாச்சிக்கு எழுத நேரம் இல்லைன்னா வாயால சொல்லச் சொல்லுங்க. "அண்ணாச்சி, நான் நடுவுல கிளம்புறதா இருந்தா எப்போ சொல்லணும், எவ்வளவு கழிப்பீங்க?"ன்னு கேளுங்க. ஷரத்தோட பேரைச் சொல்லாம, நடக்கப் போறதைச் சொல்லிக் கேட்டா பதில் தெளிவா வரும்.

ரெண்டு பேர் வரியும் ஒத்துப் போகிற இடத்தை விட்டுருங்க. ஒத்துப் போகாத இடத்துலதான் வேலை. பேசி முடிவு பண்ணினதும் அதைத் தாளுல மட்டும் எழுதி நிறுத்திடாதீங்க, பத்திரத்தையே திருத்துங்க. இது முக்கியம். நாளைக்கு வாடகை நீதிமன்றத்துல முதல்ல படிக்கிறது கையெழுத்துப் போட்ட பத்திரத்தைத்தான். தாள் ஒண்ணு சொல்லி, பத்திரம் வேற சொன்னா, தாளே புதுச் சண்டைக்குக் காரணம் ஆயிரும். டைப் அடிக்கிறவருக்கு ஒரு பக்கத்தை மாத்தி பிரிண்ட் எடுக்கிறது பெரிய வேலை இல்ல.

நம்ம உதாரண வீட்டுக்கு முடிஞ்ச தாள் இப்படி இருக்கும்:

1. வாடகை 8,500. ஒவ்வொரு மாசமும் 5ஆம் தேதிக்குள்ள, அந்த மாசத்துக்கானது.

2. அட்வான்ஸ் 50,000. சாவி கொடுத்த 30 நாளுக்குள்ள திரும்ப வரும். வாடகை பாக்கி, கரண்ட் பாக்கி, உடைஞ்சதுக்கான பில் தொகை மட்டும் கழிக்கப்படும். பில் இல்லாம கழிக்கிறது இல்ல. அடுத்த ஆள் வரணும்ங்கிற நிபந்தனை இல்ல.

3. யார் காலி பண்ணச் சொன்னாலும், பண்ணினாலும், 60 நாள் முன்னாடி வாட்ஸ்அப்ல எழுதிச் சொல்லணும். சொன்ன மறுநாள்ல இருந்து எண்ணணும். குறையுற நாளுக்கு நாள் கணக்குல வாடகை.

4. பெயிண்ட் வீட்டுக்காரர் செலவு. ஆணி அடிச்ச ஓட்டை, கிறுக்கல், உடைசல் குடியிருக்கிறவர் செலவு. சாதாரணமா மங்கினது யார் கணக்குலயும் வராது.

5. கரண்ட்: வர்ற அன்னிக்கும் போற அன்னிக்கும் மீட்டர் ரீடிங் போட்டோ. நடுவுல உள்ள யூனிட்டுக்கு பில்படி.

6. 2025 ஆகஸ்ட் 1க்குப் பிறகும் இருந்தா வாடகை 8,925. புதுப் பத்திரம் ஜூலைக்குள்ள.

அஞ்சாவது வரிக்கு ஒரு விளக்கம். நம்ம ஊர்ல வீட்டுக் கரண்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்கிறாங்க, முதல் 100 யூனிட் இலவசம், மேல போகப் போக யூனிட் விலையும் ஏறும். மாடியும் கீழ்வீடும் ஒரே மீட்டர்ல இருந்தா, ரெண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்து மேல் விலைக்குப் போயிரும். அப்படி வீடா இருந்தா "பில்படி"ன்னு எழுதினா பத்தாது. மொத்த பில்லை எப்படிப் பங்கு வைக்கிறதுன்னு எழுதணும்.

தாளால முடியாதது

சுருக்கும்போது வர்ற ஆபத்து ஒண்ணு இருக்கு. "அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும்"னு எழுதினா அது சாதாரணத் தமிழ்தான், ஆனா தப்பு. "பாக்கி போக"ங்கிற ரெண்டு வார்த்தையை விட்டுட்டோம். வரி சின்னதாகணும்னு நிபந்தனையைக் கழட்டக் கூடாது. "ஆனால்", "தவிர", "இருப்பின்"னு பத்திரத்துல எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் பென்சில்ல வட்டம் போடுங்க. அது ஒவ்வொண்ணும் தாளுக்கு வந்திருக்கான்னு கடைசியில எண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, "சாதாரணத் தேய்மானம்" மாதிரி சில வார்த்தையை எவ்வளவு எளிமையாக்கினாலும் அளவு வராது. அதுக்கு வார்த்தை உதவாது, போட்டோதான். சாவி வாங்குற அன்னிக்கே ஒவ்வொரு அறையும், பாத்ரூம் டைல்ஸும், கதவு கீழ்ப்பக்கமும் எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வெச்சுக்கோங்க.

மூணாவது, புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டோம்ங்கிறதால எல்லா ஷரத்தும் செல்லாது. "ஒரு மாதம் வாடகை தவறினால் வீட்டைப் பூட்டிக்கொள்ள 1வது பார்ட்டியாருக்கு அதிகாரமுண்டு"ன்னு சில பத்திரத்துல வரும். சாதாரணத் தமிழ்ல எழுதினா, "அஞ்சாம் தேதி பணம் வரலைன்னா நீ வேலைக்குப் போனதும் பூட்டிருவேன்". எழுதினதுமே அண்ணாச்சிக்கே சங்கடமா இருக்கும். வாடகை பாக்கிக்காக வெளியேத்தணும்னா வாடகை நீதிமன்றம் போகணும். ரெண்டு மாச பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாசத்துக்குள்ள கட்டலைங்கிறது அங்க சொல்ற காரணம். தண்ணியையும் கரண்டையும் நிறுத்துறதுக்கும் சட்டத்துல இடம் இல்ல. அந்த மாதிரி ஷரத்தை விளக்கிக்கிட்டு இருக்க வேணாம், அடிச்சுடச் சொல்லுங்க.

கடைசியா ஒரு எல்லை. இவ்வளவு நேரம் சொன்னது மாச வாடகைக்கு மட்டும். நம்ம பக்கம் ஒத்திக்கு வீடு பிடிக்கிற வழக்கமும் இருக்கு, மொத்தமா லட்சக்கணக்குல கொடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கிறது. அது கிட்டத்தட்ட அடமானம். அங்க முதல் கேள்வி அந்த வீட்டு மேல ஏற்கனவே பேங்க் கடன் இருக்கான்னுதான். அதுக்கு இந்தத் தாள் போதாது, வில்லங்கச் சான்று பார்க்கணும். அதை இன்னொரு எபிசோடுல விரிவாப் பார்ப்போம்.